எழுபத்தெட்டு சதவீதம்

எங்கள் தொண்டு நிறுவன டைரக்டர் சார் முப்பத்தோரு ஸ்லைடு அனுப்பியிருந்தார். "எல்லாம் இதுலயே இருக்கும்மா. புரொபோசலுக்கு பின்னணிப் பகுதிய மட்டும் எழுதிடு. நாளைக்குக் கடைசி நாள்." எல்லாம் இருந்தது, வாஸ்தவம்தான். சிரிக்கிற பிள்ளைகள், நாலு நிறத்தில் அம்புக்குறிகள், 'மாற்றத்தின் பாதை' என்று ஒரு வட்டம். விஷயம்தான் இல்லை.

நிதி கொடுக்கிறவர்களுக்கு வட்டமா வேணும்? என்ன குறை, எத்தனை பேருக்கு, யார் பார்த்துச் சொன்னது, அவ்வளவுதான். இந்த நிதி வராவிட்டால் டீச்சரக்கா நடத்துகிற மாலை வாசிப்பு மையம் இந்த மாதத்தோடு மூடல். போன வருஷ விண்ணப்பம் ஊத்திக்கொண்டதிலிருந்து அக்காவுக்குப் பாதிச் சம்பளம்தான்.

ஆறாவது ஸ்லைடில் கொட்டை எழுத்து: "இப்பகுதிக் குழந்தைகளில் 78% பேருக்கு ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாது." ஆதாரம்: "எங்கள் கள ஆய்வு." எந்த ஆய்வு, எப்போது, எத்தனை பேரிடம்? மூச்சு விடவில்லை. எந்தப் புண்ணியவான் கைவரிசையோ! பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர நிறுவனம், இவர்களுக்கு எண்ணத் தெரியவில்லை.

சாரிடம் கேட்டேன். "போன புரொபோசல்லேர்ந்து எடுத்ததும்மா. படிக்கிறவங்களுக்குக் கண்ணீர் வரணும்." எனக்கு அப்போதே வந்தது, சிரித்துச் சிரித்து.

டீச்சரக்காவுக்குப் போன் போட்டேன். "எழுபத்தெட்டு எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

"ஸ்கூல்ல மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் வாசிப்பு டெஸ்ட் வெச்சேன். திணறின அறுபது பேர மையத்துக்கு எடுத்தேன். அதுல நாப்பத்தேழு பேருக்கு ஒரு வரியும் வரல."

அறுபதுக்கு நாற்பத்தேழு, எழுபத்தெட்டு சதவீதம். வாசிக்க முடியாதவர்களாகப் பொறுக்கி எடுத்து, அதை ஊர்க் கணக்காக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வார்டில் தலையை எண்ணி ஊரே படுத்த படுக்கை என்கிற மாதிரி. உண்மையில் இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தேழு, இருபத்திரண்டு சதவீதம்.

"எந்த முட்டாள்க்கா இத இப்படி எழுதினது?"

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "நீதாம்மா. போன வருஷம் நான் விவரமா சொல்ல வந்தேன். 'கதையெல்லாம் வேணாம்க்கா, சதவீதத்த மட்டும் சொல்லுங்க'ன்னே."

எனக்குக் காது சுட்டது. போன வருஷம் நிதி கொடுக்கிற ஆபீஸ் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் ஒரே ஒரு காரணம்: புள்ளிவிவரத்துக்கு ஆதாரம் தெளிவாக இல்லை. ஒரு வருஷமாக அந்த ஆபீஸ்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அக்காவோ பாதிச் சம்பளத்தில் மையத்தைத் தினமும் திறந்துகொண்டிருந்தாள். ஒரு நாளாவது சொல்லிக் காட்டினாளா? இல்லை.

எழுபத்தெட்டை அழித்தேன். இருபத்திரண்டைப் பார்த்தால் சார் மூஞ்சியைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

"அக்கா, அந்த டெஸ்ட் நோட்டு இருக்கா?"

"இருக்கு. தேதி, வகுப்பு, யாருக்கு எந்த எழுத்துல நின்னுபோச்சுன்னு எல்லாம் இருக்கு. நேரம் ஆகுமே, பரவாயில்லையா?"

"சொல்லுங்கக்கா."

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்காமல் எழுதினேன்.