மஸாஜிதுக்கு வைத்த பொறி

புது டீச்சர் திருடி என்பதில் இலக்கண டீச்சருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. கையும் களவுமாகப் பிடிப்பதுதான் பாக்கி. பெண்கள் அரபிக் கல்லூரியின் வாசிப்புத் தேர்வில் உயிர்க்குறி போடாத பத்தியைக் கொடுப்பார்கள். ஒவ்வொரு சொல்லின் கடைசி ஓசையையும் மாணவிகளே சேர்த்துப் படிக்க வேண்டும். பத்தி இலக்கண டீச்சருடையது. குறியிட்ட பிரதி அவர் பைக்குள் மட்டும் இருக்கும். போன தடவை புது டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் பட்ட பாடாகப் படித்துத் தள்ளினார்கள். வந்த சுருக்கில் இத்தனை சாமர்த்தியமா என்று இவருக்கு வயிறெரிந்தது. பையிலிருந்த பிரதியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று முடிவுகட்டினார்.

பொறி வைத்தார். பத்தியில் ‘பல பள்ளிவாசல்களில்’ என்று பொருள்தரும் ‘ஃபீ மஸாஜித் கதீரத்’ என்று ஒரு இடம். ‘இல்’ எனும் ‘ஃபீ’ முன்னால் வந்தால் பெயர் பொதுவாக ‘இ’ என்று முடியும். ‘அந்த’ என்று சுட்டும் ‘அல்’ சேராமல் தனியே நின்றால் ‘இன்’. பள்ளிவாசல்களைக் குறிக்கும் மஸாஜித் மாதிரி சில பெயர்கள் மட்டும் பிடிவாதம். தனியே நிற்கையில் அந்த ‘ன்’ அவற்றுக்கு ஆகாது. ‘இ’ வரவேண்டிய இடத்திலும் ‘அ’ என்றே முடியும். ஆக, தெரிந்தவள் ‘ஃபீ மஸாஜித’ என்பாள், தெரியாதவள் ‘மஸாஜிதின்’ என்பாள். டீச்சர் தன் பிரதியில் வேண்டுமென்றே தப்பாக ‘மஸாஜிதி’ என்று குறியிட்டார். ‘அல்’ சேர்ந்தாலோ, ‘ஊரின் பள்ளிவாசல்கள்’ என்பதுபோல் இன்னொரு பெயரோடு உரிமையாய் ஒட்டினாலோ அது சரி, இங்கே இரண்டுமில்லை. திருட்டுத்தனமாகப் பார்த்தவள் வாயில்தான் அது வரும். முதல்வரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, அகப்படுபவர் யாராயிருந்தாலும் வெளியே அனுப்பவேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்.

தேர்வன்று முதல்வரம்மாவும் இரண்டு டீச்சர்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். புது டீச்சரின் பிள்ளைகள் வரிசையாக ‘மஸாஜித’ என்றார்கள். ஒருத்தி ‘மஸாஜிதின்’ என்று உளறினாள். அது வெறும் அறியாமை. இலக்கண டீச்சருக்கு முகம் தொங்கிவிட்டது.

கடைசியாக அவருடைய மகள் வந்தாள். முதலிடம் அவளுக்குத்தான் என்று கல்லூரியே பேசிக்கொண்டிருந்தது. மடமடவென்று படித்தவள் அந்தச் சொல்லில் ஒரு கணம் தயங்கினாள்.

“ஃபீ மஸாஜிதி கதீரதின்.”

முதல்வரம்மா நிமிர்ந்து பார்த்தார். இலக்கண டீச்சர் மகளை நடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“என் பைய எடுத்தியா?”

மகள் தலையாட்டினாள். போன தடவையும் வீட்டில் எடுத்துப் பார்த்ததாக ஒப்புக்கொண்டாள்.

“அது தப்புன்னுகூடவா உனக்குத் தெரியல?”

“தெரிஞ்சுதும்மா. ஆனா நீங்க எழுதியிருந்தீங்களே. எனக்குத்தான் ஏதோ புரியலன்னு நெனச்சேன்.”

டீச்சர் மகளின் கையை விட்டார். உள்ளே திரும்பியபோது முதல்வரம்மா அவரையே பார்த்தார். எதுவும் தெரியாத புது டீச்சர் பரிந்துகொண்டு வந்தாள்.

“பதட்டத்துல வாய் தவறியிருக்கும் டீச்சர். உங்க பொண்ணு இதுல தப்பு பண்ற ஆளா? இன்னொரு தடவ படிக்கச் சொல்லலாமே.”

முதல்வரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இலக்கண டீச்சர் ‘சரி’ என்றால் போதும், மகள் தப்பிவிடுவாள். அவர் புது டீச்சரின் முகத்தை நேராகப் பார்க்கக் கூசினார்.

“வேண்டாம்மா,” என்றார். “அவ என் பிரதியப் பார்த்துட்டுத்தான் படிச்சா. அந்தப் பழிய நான் உன் மேல போட்டு வச்சிருந்தேன்.”