மூன்று டன் வித்தியாசம்

நகராட்சியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரே இல்லை. எந்த வண்டி எவ்வளவு புகை, எந்தக் கட்டடம் எவ்வளவு கரியமில வாயு என்று கணக்குப் போடும் பிரிவில் அவள் ஒருத்திதான். அதனால் 'கணக்கம்மா'.

அலுவலகக் கார்கள் நாற்பதையும் மாற்றப்போகிறார்கள். பெட்ரோலா, மின்சாரமா? எது காற்றைக் குறைவாகக் கெடுக்கும் என்று சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பெட்ரோல் கார் ஒன்றைத் தயாரிக்கும்போதே ஏழு டன் கரியமில வாயு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது மொத்தம் நாற்பத்தொன்று. மின்சாரக் கார் பேட்டரியோடு சேர்த்துப் பிறக்கும்போதே பன்னிரண்டு டன் சுமக்கிறது. ஆனால் ஊருக்குக் கரண்ட் தரும் பழைய நிலக்கரி நிலையத்தைப் படிப்படியாக மூடப்போவதாகத் திட்டம். கரண்ட் சுத்தமாக ஆக, காரும் சுத்தமாகும். ஆயுள் முழுக்க முப்பத்துநான்குதான். அவளுக்கு நிம்மதி.

கார் வாங்குவதை முடிவுசெய்யும் குழுவின் கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் அந்த நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியர். கணக்கை வாசித்துக் காட்டி, ஒரு யூனிட் கரண்டுக்கு இவ்வளவு நிலக்கரி என்ற எண்ணை ஒருமுறை சரிபார்க்கத்தான்.

"எண் எல்லாம் சரிதான்மா. ஆனா மூடப்போறோம்னு போட்டிருக்கியே, அதை அடிச்சிடு."

"ஏன்?"

"இன்னைக்குக் காலையில ஆர்டர் வந்துடுச்சு. இன்னும் பதினஞ்சு வருஷம் ஓட்டச் சொல்லியாச்சு. கொதிகலன் ரிப்பேருக்கு ஆளும் வந்து இறங்கிட்டாங்க."

"திடீர்னு எதுக்கு?"

அண்ணன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "காரணம் எழுதியிருக்காங்க. மின்சாரக் கார் நிறைய வரப்போகுதாம், கரண்ட் தேவை ஏறுமாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பினாற்போல் இருந்தது. கரண்ட் இன்றைக்கு இருப்பதுபோலவே பதினைந்து வருடமும் இருந்தால் என்ன ஆகும் என்று திரும்பப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்துநான்கு. பெட்ரோலைவிட மூன்று டன் அதிகம். வழியில் எங்கேயாவது தப்பு செய்திருப்போம் என்று மறுபடி போட்டாள். அதே நாற்பத்துநான்கு.

பழைய திட்டத்தையே காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆர்டர் எப்படியும் நாளை எல்லார் கைக்கும் வந்துவிடும். அதுவும் தவிர, பொய்யான எண்ணை அவள் வாய் சொல்லாது.

மறுநாள் கூட்டத்தில் இரண்டு கணக்கையும் சொன்னாள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வழவழா கொழகொழான்னு வேண்டாம்மா. இன்னைக்கு இருக்கிற கரண்டுல எது நல்லது?"

"இன்னைக்கு மட்டும் பாத்தா பெட்ரோல், சார். கொஞ்சம்தான் வித்தியாசம். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?"

"பெட்ரோல் கார் கடைசி நாள் வரைக்கும் இதே புகையைத்தான் விடும். மின்சாரக் கார் கரண்ட் மாறினா அதோட மாறும். ஆர்டர் பாதியில மாறினாலும், சூரிய மின்சாரம் கொஞ்சம் கூடுனாலும், அந்த மூணு டன் கரைஞ்சிடும். இல்லேன்னா, பகல்ல சூரிய மின்சாரத்துலயே சார்ஜ் போட நம்ம கூரையிலயே..."

"கூரை ஒழுகுது," என்றார் கட்டடப் பிரிவு அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள்.

"கரண்ட் மாறட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்," என்றார் தலைவர்.

"இப்ப வாங்குற கார் பதினஞ்சு வருஷம் ஓடும் சார். அதுக்குள்ள கரண்ட் மாறினாலும் நாம மாற முடியாது."

அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பதும் பெட்ரோல்.

சாயங்காலம் செய்தி வெளியானது. 'மின்சாரக் காரே காற்றை அதிகம் கெடுக்கிறது: நகராட்சி ஆய்வு' என்று. 'இன்றைய கரண்டில்' என்ற சொல்லையும், கொஞ்சம்தான் வித்தியாசம் என்றதையும் காணோம். திருத்தச் சொல்லி நகராட்சியின் செய்திப் பிரிவுக்கு நாலு முறை பேசினாள். "தலைவர் பாத்து அனுப்பினதும்மா, நாங்க என்ன பண்றது?" என்றார்கள். அவர்களும் பாவம்.

அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நாங்க மின்சாரக் கார் வாங்கலை. அந்தத் தேவை வரலை. அப்ப உங்க ஆர்டரைத் திரும்ப எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்கம்மா. காசு இறக்கியாச்சு, ஓட்டித்தான் ஆகணும்."

"காரு வரும்னு நிலையத்தை நீட்டினாங்க. நிலையம் நீண்டதால காரு வரலை. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

போனில் பின்னால் நிலையத்தின் இரைச்சல் கேட்டது. "சாப்பிட்டியா?" என்றான் கடைசியில்.

"இல்ல."

"போய்ச் சாப்பிடு. நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல."

அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தப்பு இருந்திருந்தால் திருத்தியிருப்பாள்.