பின்வாசல்: உண்டு

இருந்தவர்கள், உட்கார்ந்த இடம்:

கடை உரிமையாளர் பாலசுப்ரமணியன், மாடிப்படிக்கு எதிரே, மர நாற்காலியில். காப்பீட்டு முகவர் தியோடர், பிரிக்காத புடவைக் கட்டு ஒன்றின் மேல். தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சிதம், தன் மிஷினுக்குப் பின்னால்; தைக்கும் மற்ற நாலு பெண்கள், அவரவர் மிஷினில். நான், ஜெயராமன், காப்பீட்டுக் கம்பெனியின் தீ அபாய ஆய்வாளன், ஜன்னலோரம். தென்மேற்கு மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் யாரும் உட்காரவில்லை. ஆனாலும் எண்ணிக்கையில் சேர்த்தேன்.

எத்தனை பேர், எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு என்பது கோலார் தங்கவயல் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறிய பழக்கம். சுரங்க ஊரில் அதற்கு அர்த்தம் இருந்தது. உள்ளே போனவர் எத்தனை, வெளியே வந்தவர் எத்தனை என்ற இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் சங்கு ஊதி வீட்டுக்குப் போகலாம்.

இது சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு ஜவுளிக்கடை. 1999 செப்டம்பர், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கீழே விற்பனை. மாடியில் சரக்கு, அதோடு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஐந்து பெண்கள். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிவிட்டதால் காப்பீட்டுத் தொகையைக் கூட்ட வேண்டும். கூட்ட வேண்டுமானால் என் அறிக்கை வேண்டும்.

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சது," என்றார் தியோடர். "ஜெயராமன் சார் நம்ம ஊர்க்காரர். மாரிக்குப்பம் பக்கம்."

"முதல்ல பார்க்கலாம்," என்றேன்.

கீழே போனேன். மாடிப்படியின் அடியில் அட்டைப் பெட்டிகள் கழுத்தளவு அடுக்கியிருந்தன. அவற்றுக்கு மேலே மெயின் ஸ்விட்ச் போர்டு. மூடியைத் திறந்து பார்த்தேன். ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

"அடிக்கடி போயிட்டே இருந்தது சார்," என்றார் பாலசுப்ரமணியன். "இப்ப போறதே இல்ல."

"போகாது. அது போறதுக்குன்னுதான் வெச்சது. லோடு ஏறினா அது உருகி கரண்டை நிறுத்தணும். இப்ப அது உருகாது, ஒயர்தான் சூடாகும். ஒயருக்குக் கீழே நைலக்ஸ் புடவை."

தீயணைப்பான் ஒரு பெண் பொம்மையின் பட்டுச் சேலைக்குப் பின்னால் தொங்கியது. முள் சிவப்பில் நின்றது. கடைசியாக நிரப்பியது 1995 என்று அட்டை சொன்னது.

அபாய மணியின் பொத்தான் கல்லாப்பெட்டி பக்கம் இருந்தது. ரஞ்சிதத்திடம் எதுவும் சொல்லாமல், மேலே ஐந்து மிஷினும் ஓடும்போது அழுத்தினேன். கீழே காது கிழிந்தது. ஒரு நிமிடம் அழுத்தியபடி நின்றேன். மேலேயிருந்து யாரும் வரவில்லை. மிஷின் சத்தம்கூட நிற்கவில்லை.

மேலே போய்க் கேட்டேன்.

"பெல்லா? எங்க சார் பெல்?" என்றாள் ரஞ்சிதம். நாற்பது வயதிருக்கும். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசினாள். "டீ வந்தா டீ வாசனை வரும். நெருப்பு வந்தா நெருப்பு வாசனை வரும். அவ்ளோதான் எங்களுக்குத் தெரியும்."

மற்ற நாலு பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

கடைசி மிஷினிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். புகையில் கண் உதவாது. கட்டுகளுக்கு நடுவே பதினாலு அடி, படி பதினேழு, கீழே தெருவரைக்கும் பதினொன்று. ஜன்னல்களுக்கெல்லாம் திருடனுக்காக இரும்புக் கம்பி. படியடியில் தீப்பிடித்தால் படியே புகைக்குழாய். ஆகவே கேள்வி ஒன்றுதான்.

"இன்னொரு வழி?"

"இருக்கு சார்," என்றார் பாலசுப்ரமணியன். கை தென்மேற்கு மூலையில், ஸ்டூலுக்குப் பின்னால் அடுக்கிய துணிக்கட்டுகளைக் காட்டியது. "பின்வாசல் இருக்கு."

இந்த வார்த்தைகளை இதே வரிசையில் நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

1996, ஜூன். ஒக்கலிபுரத்தில் ரெயின்கோட் தைக்கும் ஒரு சின்னக் கம்பெனி. பின்வாசலை மறைத்துப் பெட்டிகள். "இருக்கு சார், பின்வாசல் இருக்கு, பெட்டியை நாளைக்கு எடுத்துடறோம்" என்றார்கள். அன்று எனக்கு இன்னும் மூன்று இடம் பார்க்க வேண்டியிருந்தது. படிவத்தில் 'பின்வாசல்' என்ற கட்டத்துக்கு எதிரே 'உண்டு' என்று எழுதினேன். நாற்பத்தோராம் நாள் தீ. ஒருத்தி மட்டும் வெளியே வரவில்லை. பெயர் சிந்து, வயது பத்தொன்பது. மறுநாள் அளவெடுக்க என்னையே அனுப்பினார்கள். பெட்டிகளை இழுத்துத் தள்ளிவிட்டுக் கதவுவரை வந்திருக்கிறாள். வெளியே பூட்டு. கதவின் உட்புறக் கரியில், நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை பட்ட இடங்கள் மட்டும் வெளுத்திருந்தன. எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது.

அதிலிருந்து மூடிய கதவு எதையும் நான் சும்மா கடந்து போவதில்லை. சில நாள் என் வீட்டுக் குளியலறைக் கதவுகூட உள்ளேயிருந்து தட்டப்படும். திறந்தால் வாளி இருக்கும்.

"கட்டுகளை நகர்த்துங்க," என்றேன்.

"எதுக்கு சார் சும்னே வீண் சிரமம்? கூரை முட்ட அடுக்கியிருக்கு."

"அதுவும் தப்பு. மேலே லைட்டைத் தொடுது பாருங்க. நகர்த்துங்க."

ரஞ்சிதம் எழுந்தாள். அவள் எழுந்ததும் நாலு பேரும் எழுந்தார்கள். இருபது நிமிடம் ஆனது. கதவு தெரிந்தது, பின்பக்கம் இறங்கும் இரும்புப் படிக்கான கதவு. அதில் மகாலட்சுமி படம் ஆணியடித்து மாட்டியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு பலகையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணிக்கட்டுகளுக்கும் சுடருக்கும் ஒரு முழம் இடைவெளி. காலை பூஜைக்காகக் கட்டுகளுக்கு நடுவே கை நுழையும் அளவு சந்து விட்டிருந்தார்கள். கதவில் பூட்டு.

"சாவி?"

பாலசுப்ரமணியன் தியோடரைப் பார்த்தார். தியோடர் கூரையைப் பார்த்தார்.

"சாவி இல்ல சார். தென்மேற்குல வாசல் இருந்தா பணம் தங்காதுன்னு வாஸ்துக்காரர் சொன்னார். பூட்டி, சாவியை ஓடுற தண்ணியில விடணும்னார். ஸ்ரீரங்கப்பட்டணம் போயி காவேரியில விட்டுட்டு வந்தேன். அப்புறம்தான் வியாபாரமே தலையெடுத்தது."

"எனக்கு அந்தத் தொல்லையே இல்ல," என்றார் தியோடர். "வாடகை வீடு. வாஸ்துவெல்லாம் ஹவுஸ் ஓனர் தலையெழுத்து." யாரும் சிரிக்காததால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், கதவு இருக்குதா இல்லையா? இருக்கு. இருக்குன்னு எழுதுங்க. பொய் இல்லையே. ஸ்வல்பம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, தீபாவளி முடியட்டும்."

அப்போது தட்டும் சத்தம் கேட்டது. மூன்று முறை. திரும்பினேன். தட்டியது ரஞ்சிதம்.

"தெனம் காலைல தட்டுவேன் சார்," என்றாள். "சந்துக்குள்ள கையை விட்டு."

"எதுக்கு?"

"அந்தப் பக்கம் யாராவது திறப்பாங்களான்னு. இதுக்கு முன்ன ஒக்கலிபுரத்துல ரெயின்கோட் கம்பெனியில இருந்தேன். அன்னிக்கு நூல் வாங்க நான் வெளிய போனேன். என் பக்கத்து மிஷின் பொண்ணு உள்ள இருந்தா. இந்த ஸ்டூலை அவளுக்குத்தான் போட்டு வெச்சிருக்கேன். யாரையும் உக்கார விடமாட்டேன்." நூலைப் பல்லால் கடித்தாள். "யாரோ ஆபீசர் வந்து ரெண்டு வாசல்னு எழுதிட்டுப் போனாராம்."

வேறு யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். விளக்கு மட்டும் ஒருமுறை ஆடியது.

"அது நான்தாம்மா," என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கதவைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"இதைத் தொடுங்க."

தொட்டேன். விளக்குச் சூட்டில் மரம் வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளே யாரோ சாய்ந்திருந்த மாதிரி. இரண்டு கையாலும் தள்ளினேன். தோளால் தள்ளினேன். அசையவில்லை.

"இப்ப எழுதுங்க," என்றாள்.

பாலசுப்ரமணியனுக்கு முகம் சிவந்துவிட்டது. "கதவைத் திறக்கிறதா இருந்தா எனக்கு மாடியே வேணாம். இந்த அஞ்சு பேரையும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன். சரியா?"

"அனுப்புங்க மொதலாளி," என்றாள் ரஞ்சிதம். "என் வீட்டுக்கு ஒரே கதவுதான். ஆனா அது தொறக்கும்."

மற்ற பெண்கள் அவளையே பார்த்தார்கள். வேலை போனால் யாருக்கு என்ன ஆகும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். மிஷினின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

நான் அங்கேயே, மடியில் அட்டையை வைத்து எழுதினேன். படிவத்தில் 'பின்வாசல்' என்ற கட்டத்துக்கு எதிரே: 'இல்லை.'

"கண்ணெதிர இருக்கே சார்!" என்றார் தியோடர்.

"சுவர் இருக்கு. அதுல மரச்சட்டம் அடிச்சிருக்கு."

பிறகு கடிதம். பெறுநர், பொருள், பார்வை, எல்லாம் முறைப்படி. படியடிப் பெட்டிகள் இன்றே அகற்றப்பட வேண்டும். செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, உரிய அளவு ஃப்யூஸை எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட வேண்டும். மாடியிலும் ஒரு மணி, ஒரு பொத்தான், மிஷின் ஓடும்போது அழுத்திச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் தீயணைப்பான், பார்வையில் படும்படி. சரக்கு கூரைக்கும் விளக்குக்கும் ஒரு மீட்டர் கீழே, நடைபாதை விட்டு. பின்வாசலின் பூட்டை உடைத்து, வெளிப்புறம் திறக்கும்படி, சாவியே தேவைப்படாத தாழ்ப்பாள் போட வேண்டும். அதுவரை மாடியில் எவரும் பணி செய்யலாகாது. தையல் மிஷின்கள் ஐந்தையும் தரைத்தளத்தின் முன்பகுதியில் வைக்க இடமுண்டு, அளந்து பார்த்தேன், ஆகவே பணியாளர் எவரையும் நிறுத்த அவசியமில்லை. இவை முடிந்து மறு ஆய்வு நடக்கும்வரை தொகையைக் கூட்டப் பரிந்துரைக்க இயலாது.

கடைசி மூன்று வரிகளையும் பாலசுப்ரமணியனுக்குப் படித்துக் காட்டினேன். தீபாவளிச் சரக்கு முழுக்கக் காப்பீடு இல்லாமல் கிடப்பதை அவர் மனசுக்குள் பார்த்திருக்க வேண்டும்.

"மகாலட்சுமியை எங்க வைக்கறது?" என்றார், குரல் இறங்கி.

"கீழ. கல்லாவுக்கு மேல. விளக்குக்குப் பதிலா சின்ன பல்பு."

அவர் கீழே குனிந்து விளக்கை ஊதாமல், பூவால் அணைத்தார். சுத்தியல் கொண்டுவரச் சொல்லிக் கடைக்குக் குரல் கொடுத்தார்.

"கவர் குடுங்க சார், ஆபீஸ் பக்கம்தான் போறேன், நானே சேர்த்துடறேன்," என்றார் தியோடர்.

"வேணாம். தபால்லயே போகட்டும்."

படியிறங்குமுன் கடைசிப் பத்தி ஒன்றைச் சேர்த்தேன். '1996 ஜூன் மாத ஒக்கலிபுரம் அறிக்கையில் பின்வாசல் உண்டு என நான் எழுதியது, கதவைத் திறந்து பாராமல் எழுதியது. அது என் தவறு. எடுக்கப்படும் நடவடிக்கைக்கு உட்படுகிறேன்.' ரஞ்சிதம் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். படித்து முடித்து, மூலையிலிருந்த ஸ்டூலை எடுத்துத் தன் மிஷினோடு சேர்த்துக் கட்டினாள், கீழே கொண்டுபோக.

நான் தெருவுக்கு வந்தபோது மேலே இரும்பு மேல் இரும்பு விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்று கேட்டேன். நாலாவது அடியில் ஏதோ தெறித்து விழுந்தது. அதன்பின் சத்தமில்லை.

சிவாஜிநகர் தபாலாபீசில் கோந்து டப்பா காய்ந்திருந்தது. எச்சில் தொட்டு உறையை ஒட்டினேன். ஓரங்களை நகத்தால் இரண்டு முறை அழுத்தினேன். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.