அன்னக்கொடி டீச்சரின் குரல்

வில்லாபுரத்தில் தனியாகக் குடியிருந்த அன்னக்கொடி, திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். வருடக் கணக்காக வெயிலில் நின்று கத்தியவள். ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்த ஒரு காலையில், வாயைத் திறந்தால் வெறும் மூச்சுதான் வந்தது.

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னார். "குரல் நாண்ல ரெண்டு பக்கமும் காய்ப்புக் காய்ச்சிருக்கும்மா. கத்துறத விட்டுறணும். குசுகுசுன்னும் பேசக்கூடாது, செருமக்கூடாது. தண்ணி அடிக்கடி குடிங்க. ஒரு வாரம் பேச்சே வேணாம். பெறகு பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட மட்டும் மெதுவாப் பேசலாம். வீட்டுல பேசாம சமாளிச்சுருவீங்களா?"

அன்னக்கொடி தலையாட்டினாள். பூட்டைத் திறந்து உள்ளே போனால் பேச்சுக்கு ஆளில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல. நாள் முழுக்க அவள் பேசியதெல்லாம் மைதானத்தில்தான்.

அதுவரை குரலையே நம்பியிருந்தவள் விசில் வாங்கினாள். ஒரு சின்ன ஊதல் என்றால் என்னைப் பார். நீண்ட ஊதல் என்றால் நின்ற இடத்தில் நில். கையைத் தலைக்கு மேல் சுழற்றினால் கூடி வா. பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களும் வாய் திறக்காமல் கையாலேயே பதில் சொல்லத் தொடங்கினார்கள். தண்ணீர் குடிக்கப் போக ஒரு விரல், வலி என்றால் அந்த இடத்தில் ஒரு தட்டு. டாக்டர் பேசலாம் என்ற பிறகும் அவளிடம் வந்து பேச யாருக்கும் தோன்றவில்லை.

மேலூரில் கோ-கோ போட்டி. அங்கே விசில் நடுவருக்கு மட்டும்தான். இவள் ஊதினால் ஆட்டமே குழம்பும். பிள்ளைகள் தன் பக்கம் திரும்பும்வரை கோட்டுக்கு வெளியே காத்திருந்தாள். கடைசி நிமிடம், எதிரணிப் பெண் கம்பத்தை ஒட்டி நழுவினாள். துரத்திய சத்யப்ரியா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பாய் என்பதற்கு அன்னக்கொடி உள்ளங்கையில் முஷ்டியைக் குத்தினாள். சத்யப்ரியா கம்பத்தைப் பிடித்துப் பாய்ந்து அந்தப் பெண்ணைத் தொட்டுவிட்டாள். ஜெயித்தார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கூத்தாடினார்கள். டீச்சருக்குத் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் பின்னால் உட்கார்ந்து கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். இடமில்லாமல் சத்யப்ரியா மட்டும் அன்னக்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது.

"ரொம்ப எரியுதா சத்யா?"

யார் பேசியது என்று அந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களா டீச்சர்? ஒங்க கொரலு இப்படியா இருக்கும்?"

"ஏன், நல்லால்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க மெதுவாப் பேசி நாங்க கேட்டதே இல்லயே."

அதற்குள் திருவாதவூர் வந்துவிட்டது. பிள்ளைகள் மொத்தமாக இறங்கினார்கள். சத்யப்ரியா வழக்கம்போல் கையைக் காட்டிவிட்டு, ஏதோ நினைத்தவளாக ஜன்னலுக்குக் கீழே வந்து, "வாரேன் டீச்சர்" என்றாள்.

பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. முன்பென்றால் தலையை வெளியே நீட்டிக் கத்தியிருப்பாள். "பாத்துப் போ" என்று தனக்கே கேட்கிற அளவில் சொல்லிவிட்டு, காலியான பஸ்ஸில் மதுரை வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.