பக்கத்தில் கேட்காத சத்தம்

அன்று வெயில் இருந்ததா, மழையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜன்னலே இல்லாத ஒலிப்பதிவு அறையில் நடந்தது. இரண்டில் எதுவாயிருந்தாலும் உள்ளே தெரிந்திருக்காது. பேச்சு நினைவிருக்கிறது. அதிலும் எது யார் சொன்னது என்று ஓரிடத்தில் தடுமாறுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லும்போதும் ‘அவர்’ என்றுதான் வருகிறது. தொழிலில் அவருக்குக் ‘காது’ என்றே பெயர். குரலையும் கருவிகளையும் கலந்து முடித்த பாட்டைக் கடைசியாகச் செப்பனிட்டு வெளியே அனுப்புவது அவர் வேலை. சத்தத்தை வரைபடமாகக் காட்டும் திரையின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வைத்திருப்பார். கண்ணைத் திறந்தால் காது சோம்பிவிடும் என்பது அவர் கட்சி.

அன்று வந்தவை அவர் தங்கையின் பாட்டுகள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வருடம் வாய் திறக்காமல் இருந்தவள் மறுபடி பாடியவை. அவள் கணவர்தான் கலந்திருந்தார். “மச்சான், அடிச்சத்தம் மட்டும் சேறா கெடக்கு, கொஞ்சம் பாருங்க” என்றார்.

காது கேட்ட மாத்திரத்தில் கண்டுகொண்டார். கீபோர்டின் அடிச்சத்தமான பேஸ் இரண்டு பக்கமும் அலைந்துகொண்டிருந்தது. ஒலியின் அளவை இடம் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் பாட்டை இரண்டாகப் பிரித்தார்: இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல வருவது நடு, ஒன்றுக்கொன்று வேறுபடுவது பக்கம். பக்கத்தில் மட்டும் நூற்றுப் பத்து ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினார். நடுவைத் தொடவில்லை. அலைந்த பேஸ் சட்டென்று நடுவில் தூண் மாதிரி நின்றது. டிரம்மின் உதை அதன்மேல் சுத்தமாக விழுந்தது.

“இதுக்குத்தான் உங்ககிட்ட வர்றது” என்றார் மாப்பிள்ளை. தங்கை பல வருடங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

அடுத்தது மேல்ஸ்தாயி. அதைத் திறந்துவிட, பக்கத்தில் பத்தாயிரத்துக்கு மேலே ஒரு டெசிபெல் ஏற்றினார். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு. மூன்று. குரலைச் சுற்றி இன்னும் கதவு சாத்தியே இருந்தது. போதுமா மச்சான் என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் என்றார். ஆறுக்குப் போனபோது தங்கை நாற்காலியில் நெளிந்தாள். முதுகு வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

சரிபார்க்க நடுவை அணைத்துப் பக்கத்தை மட்டும் ஓடவிட்டார். கித்தாரின் உடம்பு கேட்டது. குரலின் எதிரொலி மங்கலாக வந்தது. இரண்டு ஓரத்திலும் இருக்கவேண்டிய கிலுகிலுப்பையைக் காணோம்.

“மாப்பிள்ளை, கிலுகிலுப்பையை எங்க விட்டீங்க? மிக்ஸ்ல போடவே இல்லையா?”

 திரும்பினார். தங்கை இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

“அண்ணா,” என்றாள், “அது மட்டும்தான் கேக்குது.”

 பிறகு அவரே எழுந்து துண்டை எடுத்தார். வரைபடத்தில் பக்கத்தின் மேற்கோடி யானை முதுகு போல எழும்பி நின்றது. பாட்டை நிறுத்தினார். ஒற்றை ஒலி ஒன்றைக் கீழிருந்து மேலே மெதுவாக ஏற்றினார். கேட்கும்வரை கையைத் தூக்கி வை என்று தங்கையிடம் சொல்லித் தானும் தூக்கினார். ஐயாயிரத்தைத் தாண்டியதும் அவர் கை இறங்கியது. அவள் கை நின்றது. எண் பன்னிரண்டாயிரம் காட்டியபோதும் நின்றது. அதற்குமேல் அவர் பார்க்கவில்லை.

மற்றவர்கள் பேச்சில் பாதியை மூன்று வருடமாக வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. தான் என்ன, என்ன என்று கேட்டதையெல்லாம் வீட்டில் கேலி செய்ததும் நினைவுக்கு வந்தது.

“போன வருஷம் உங்களுக்கு நான் செப்பனிட்டு அனுப்பின ஆறு பாட்டு?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். “மேல கொஞ்சம் கொறைச்சுத்தான் வெளிய அனுப்பினேன் மச்சான்.”

“உனக்குத் தெரியுமா?” என்று தங்கையைக் கேட்டார்.

“தெரியும். நாலு வருஷம் வாய மூடிப் பழக்கம் எனக்கு” என்றாளோ, மாப்பிள்ளை அவளுக்காகச் சொன்னாரோ, இங்கேதான் தடுமாறுகிறேன். சிரிக்கத்தான் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

மற்றவர்களுக்கு அனுப்பியவற்றை யார் குறைத்திருப்பார்கள்? ஒருவரும் இல்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனதற்கு அவர் காலத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். ‘ரொம்பக் கூர்மையா இருக்கு’ என்று ஒருவர் எழுதியதைப் பாராட்டு என்று மனைவிக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

கீழே செய்த வெட்டை அப்படியே விட்டார். மேலே ஏற்றியதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். எழுந்து தன் நாற்காலியை மாப்பிள்ளையின் பக்கம் தள்ளினார்.

மாப்பிள்ளை ஒன்றரை டெசிபெல்லில் நிறுத்தினார். பாட்டு திறந்துகொண்டது என்று காது தங்கையின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

கேட்கும் நரம்பு போனது போனதுதான் என்று மருத்துவர் சொன்னார். பாட்டுகள் வெளிவந்தன, அவர் கேட்டுக்கொண்டபடி அவர் பெயர் இல்லாமல். தங்கை இப்போதும் பாடுகிறாள். அந்த அறையில் மாப்பிள்ளை வேலை செய்கிறார். திரைக்குத் துண்டு கிடையாது. காது ஒரு மரக்கடையில் பலகை அளந்து கொடுக்கிறார். அங்கே யாரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. அந்தப் பாட்டுகளை அவர் ஒருமுறைகூடப் போடவில்லை.