மூன்று வழியில் போன பணம்

ஒரு பொருளுக்கு ஒரு கையால் காசு கொடுக்கிற பழக்கமே இந்தக் காலத்து ஜனத்துக்கு விட்டுப்போய்விட்டது என்று சின்னதம்பிக்கு எரிச்சல். மகள் கோமளா போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வாங்குவது அவன் மனைவி லோகநாயகிக்கு, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். அவள் பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். சர்க்கரை உடம்பு. காலில் சிப்பி கிழித்த புண் ஆறவே ஒரு மாதம் ஆனது. இனி வெறுங்காலோடு இறங்கினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார்.

"ரெண்டாயிரத்து நானூறு நைனா. எங்க கம்பெனில குடுத்த வவுச்சர் ஆயிரம், அது நாளையோட முடியுது. என் போன் வாலட்ல நானூறு கெடக்கு. மிச்சம் ஆயிரம் உன் கார்டுல. ஓடிபி வரும், சொல்லு."

சொன்னான். ஆயிரம் போனதாக மெசேஜ் வந்தது.

ஐந்தாம் நாள் பெட்டி வந்தபோது கோமளா வேலைக்குப் போயிருந்தாள். பெட்டிமேல் ரெண்டாயிரத்து நானூறு என்று ஒட்டியிருந்தது.

"எல்லாம் கட்டியாச்சு பெரியவரே" என்றான் கொண்டுவந்தவன்.

"என்னாண்ட ஆயிரம்தான் எடுத்தான். மிச்சத்த எவன் குடுத்தான்?"

"வவுச்சர்லயும் வாலட்லயும் போயிருக்கும்."

"அந்த ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாது. நாளைக்கு எங்கிட்டயே வந்து கேப்பானுங்க."

"வாங்கி வையேன்யா" என்றாள் லோகநாயகி.

"நீ சும்மா இருமே."

கரையில் ஏலம் எடுத்த மீன் கூறு சரியில்லை என்றால் திருப்பி வைக்கலாம். கொடுத்த காசு முழுசாகக் கைக்கு வரும். அதுபோலத்தான் இதுவும் என்று நினைத்தான். வந்த காசில் பழவேற்காடு கடைத்தெருவிலேயே பூட்ஸ் வாங்கிவிடலாம். பெட்டியைத் திருப்பி அனுப்பினான்.

பத்து நாள் கழித்து பேங்குக்கு ஆயிரம் வந்தது. அவ்வளவுதான்.

"மிச்சம்?"

"வந்த வழியே திரும்பிப் போச்சு நைனா" என்றாள் கோமளா. "கார்டு பணம் பேங்குக்கு. நானூறு வாலட்டுக்கு. ஆயிரம் வவுச்சருக்கே போயிடுச்சு, ஆனா அதுக்கு முப்பத்தொண்ணாம் தேதியே கெடு முடிஞ்சிது. இனிமே அத வெச்சு ஒண்ணும் வாங்க முடியாது."

"முடிஞ்சதுக்குள்ள எதுக்குப் போட்டான்? என் கையில குடுக்கறது."

"அது உன் கையிலேர்ந்தா போச்சு?"

கடைத்தெருவிலும் லோகநாயகி அளவுக்குப் பூட்ஸ் கிடைக்கவில்லை. அதற்குள் அவள் பழைய செருப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஏரியில் இறங்கிவிட்டிருந்தாள். சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. அதே காலில், அதே இடத்துக்குப் பக்கத்தில், சிப்பி மறுபடி கிழித்தது.

கட்டுப்போட்ட காலைப் பலகைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வலிக்குதா?"

"நீ போய்ப் படகப் பாருயா."

அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருக்கலாம். அது அவனுக்குத் தெரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் நடந்தான்.

"ரெண்டாயிரத்து நானூறுன்னு எழுதிட்டு ஆயிரம் எடுத்தா, எவன் நம்புவான்" என்று முனகிக்கொண்டே போனான்.