கன்ன எலும்பில் கேட்ட பாட்டு

சைக்கிள் கடையில் அவளை எல்லோரும் டெமோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெல்மெட், விளக்கு, கையுறை என்று உதிரிச் சாமான்கள் விற்கும் மேசை அவளுடையது. வாங்க வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே பொருளை அவர் கையில் கொடுத்து இயக்கிக் காட்டிவிடுவாள். வெறுங்கையோடு போனவர்கள் குறைவு.

எலும்பு வழியாகக் கேட்கும் ஹெட்போன் வந்தபோது அவளுக்குக் கொண்டாட்டம். காதுக்குள் எதுவும் போகாது. காதுக்கு முன்னால், கன்ன எலும்பின் மேல், இரண்டு சின்னக் குமிழ்கள் உட்கார்ந்து அதிரும். அதிர்வு மண்டையோட்டு வழியாக நேரே உள்காதுக்குப் போய்விடும். செவிப்பறைக்கு வேலையே இல்லை. காது திறந்தே இருப்பதால் பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்கும். குறைகளையும் அவள் மறைக்க மாட்டாள். "பாஸ், அந்த தும் தும்னு வர்ற அடி, கம்மிதான் சார். சத்தம் ஏத்தினா கன்னம் குறுகுறுன்னு இருக்கும், பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் லேசா கேட்கும். டிராஃபிக்குல பாட்டு சரியா கேட்காது. ஆனா உசுரோட வீட்டுக்குப் போவீங்க" என்று சிரிப்பாள்.

அண்ணனுக்கும் அவள்தான் ஒன்று கொடுத்தாள்.

அண்ணன் அச்சகத்தில் எந்திரம் ஓட்டுபவர். தினமும் எட்டு கிலோமீட்டர் சைக்கிளில் போய் வருவார். சத்தமாகப் பேசத் தெரியாதவர். வாய்க்குள்ளேயே பேசுவதால் வீட்டில் முணுமுணு என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் இரண்டாவது முறைதான் திரும்புவார். "உங்கண்ணன் காதுல வாங்குறதே இல்ல. வீட்டுல கத்திக் கத்தி என் தொண்டைதான் போகுது, பிரஸ்ல மட்டும் முதலாளி கூப்பிட்டா ஓடுறாரு" என்று அண்ணி புலம்புவாள். அது கணவன் மனைவி சண்டை என்று டெமோ அக்கா நினைத்துக்கொண்டாள்.

ஹெட்போனை மாட்டிய அன்று அண்ணனின் முகம் அப்படியே நின்றுபோனது. கண் கலங்கியது.

"என்னண்ணா?"

"வரி வரியா புரியுது. இத்தனை வருஷமா கேட்ட பாட்டு, இந்த வரி இதுதான்னு இன்னைக்குத்தான் தெரியுது."

மறுவாரம் கேட்டபோது, "மெயின் ரோட்டுல கூட கணீர்னு கேட்குது" என்றார். மெயின் ரோட்டில் ஒன்றுமே கேட்கவில்லை என்று மற்ற எல்லோரும் வந்து குறைப்பட்ட சாமான் அது. அவள் பூரித்துப்போய், அண்ணனுக்கு நல்ல பீஸ் மாட்டியிருக்கிறது என்று சக ஊழியர்களிடம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம், காலை ஏழே முக்காலுக்கு, அச்சகத்துக்குத் திரும்பும் வளைவுக்கு முன்னால், அண்ணன் ஒரு பள்ளத்துக்கு ஒதுங்கி சாலையின் நடுப்பக்கம் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசியமே இருக்கவில்லை. முதலில் வந்த காவலர், குனிந்தபோது எங்கிருந்தோ மெல்லிய குரலில் பாட்டுக் கேட்டதாகவும், அது செத்தவரின் கன்னத்திலிருந்து வருகிறது என்று புரிய நேரமானதாகவும் பிறகு அவளிடம் சொன்னார். அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பார்த்த சாட்சி யாரும் இல்லை. லாரி ஓட்டுநர் ஒரே வார்த்தையில் நின்றார்: "மூணு தடவை ஹாரன் அடிச்சேன். அவர் திரும்பியே பார்க்கல. எனக்கு வழி விட்டுட்டு ஓரமாவே போவாருன்னு நினைச்சேன்." இன்ஸ்பெக்டருக்கும் விஷயம் முடிந்த மாதிரிதான் இருந்தது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனவன் செத்தான். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துக்க வீட்டிலிருந்து நேரே கடைக்குப் போய், அதே மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள். சுவரோரப் பெஞ்சில் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது.

"சார், இது காதை மூடாது. நீங்களே மாட்டிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் தயங்கினார், பிறகு மாட்டிக்கொண்டார். அண்ணன் போனில் இருந்த அதே பாதிச் சத்தத்தில் பாட்டை வைத்தாள். அவருக்குப் பின்னால் நாலு தப்படி போய் நின்று, சாவிக்கொத்தை மெல்ல ஆட்டினாள்.

"கேட்குதா சார்?"

"கேட்குது."

இன்னும் பின்னால் போய், வாசலில் நின்றபடி, "எங்கண்ணன் பேர்ல தப்பில்ல சார்" என்றாள், கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக. இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓட்டுநரை வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"சாவி சத்தம் கேட்கிற காதுக்கு உன் லாரி ஹாரன் கேட்காதா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா அடிச்சேன் சார்" என்றார் ஓட்டுநர். அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அடிச்சேன்மா."

"பொய்" என்றாள் அவள்.

அவள் வாழ்நாளில் காட்டிய டெமோக்களிலேயே அதுதான் சிறந்தது. ஹாரன் அடிக்காமல் அலட்சியமாக ஓட்டினார் என்று எழுதி, அவரை உள்ளே தள்ளினார்கள். லாரி முதலாளி கைகழுவிவிட்டார். ஜாமீனுக்கு யாரும் வரவில்லை. அண்ணி மகனைக் கட்டிக்கொண்டு, "அப்பா மேல தப்பில்லடா, அத்தை நிரூபிச்சுட்டா" என்று அழுதாள். பத்து வயதுப் பையன் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னான்.

ஏழு வாரம் கழித்து ஒரு மதியம், காலை நடைக்கு ஹெட்போன் வேண்டுமென்று ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதனை செய்பவர். அவளுடைய விளக்கத்தைக் கேட்டுச் சிரித்தார். "நாங்களும் இதே மாதிரி ஒரு அதிர்ற கட்டையை வெச்சுத்தான் சோதிப்போம், காதுக்குப் பின்னால எலும்புல." அண்ணன் இல்லை என்பதைச் சொல்லாமல், எப்போதும்போல விற்பனைக்குச் சொல்கிற பேச்சோடு அவள் சொன்னாள்: "எங்கண்ணனுக்கு இது உசுரும்மா. இத்தனை வருஷத்துல இதுலதான் பாட்டே புரியுதுன்னாரு. மெயின் ரோட்டுலயும் கணீர்னு கேட்குதுன்னாரு."

அம்மாளின் சிரிப்பு நின்றது. "மெயின் ரோட்டுலயா? உங்கண்ணன் மெதுவா பேசுவாரா?"

"ஆமா."

"வீட்டுல கூப்பிட்டா கேட்காது, இரைச்சலான இடத்துல மட்டும் நல்லா கேட்கும்?"

அவள் கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்தாள். "எப்படிம்மா தெரியும்?"

அம்மாள் பொறுமையாகச் சொன்னார். உள்காதுக்குச் சத்தம் போக இரண்டு வழி. ஒன்று காற்று வழி: செவிப்பறை, அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். இன்னொன்று மண்டை எலும்பு வழி. சிலருக்கு அந்தக் குட்டி எலும்பு ஒன்று இறுகிப்போகும். உள்காது நன்றாகவே இருக்கும். வெளிச்சத்தம் மட்டும் உள்ளே வராது. தங்கள் குரல் எலும்பு வழியாக உரக்கக் கேட்பதால் மெதுவாகப் பேசுவார்கள். இரைச்சலில் மற்றவர்கள் கத்திப் பேசுவார்கள். இவர்களுக்கு இரைச்சலே பாதிதான் கேட்கும் என்பதால் அந்தக் கத்தல் தெளிவாக விழும்.

"அவங்களுக்கு இந்த ஹெட்போன் அருமையா கேட்கும். ஆனா ரோட்டுல மாட்டக் கூடாது. காது திறந்திருக்கு, கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு. ஹாரன் கிசுகிசுப்பாத்தான் உள்ள போகும். பாட்டு நேரா உள்காதுல ஒலிக்கும்போது, அந்தக் கிசுகிசுப்பு அதுல அமுங்கிப் போயிடும். உங்கண்ணனை உடனே கூட்டிட்டு வாங்க."

அவள் சாமானை விற்கவில்லை. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனாள். அடுப்படியில் நின்றிருந்த அண்ணியிடம், "அண்ணனுக்குக் காது கேட்காதா அண்ணி?" என்றாள்.

அண்ணி அடுப்பை அணைத்தாள். பீரோவின் துணி அடுக்குக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய சோதனை. இரண்டு காதுக்கும் இரண்டு கோடுகள். எலும்பு வழிக் கோடு மேலே ஒட்டிப் போனது, காற்று வழிக் கோடு வெகு கீழே கிடந்தது. ஆபரேஷன் செய்யலாம் என்று எழுதியிருந்தது.

"பிரஸ்ல தெரிஞ்சா எந்திரத்துல நிக்க விடமாட்டாங்கன்னு பயந்தாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. உன்கிட்டகூட. அதான் சண்டை மாதிரியே உன்கிட்ட புலம்பிட்டிருந்தேன்."

"அப்போ அந்த டிரைவர்..."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ ஸ்டேஷன்லேர்ந்து வந்து சொன்னியே, அன்னைக்கே." அண்ணி தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். "விட்டுடு. போனவர் போயிட்டாரு. அப்பா மேல தப்பில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கான் பையன். அதையும் நீயே வந்து பிடுங்கிக்கப் போறியா?"

"அங்க ஒருத்தர் உள்ள உட்கார்ந்திருக்காரு அண்ணி. அவருக்கும் பிள்ளைங்க இருக்கு."

"கொடுத்தது நீ. மாட்டிவிட்டது நீ. இப்போ நல்லவளாகுறதும் நீயா?"

தாளை அவள் திருப்பித் தரவில்லை.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கோபப்பட்டார். "அன்னைக்கு என் காதுல மாட்டிக் காட்டினியேம்மா!" என்றார். "உங்க காது நல்ல காது சார்" என்றாள் அவள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. எழுதிக் கொடுத்தாள். காது சோதிக்கும் அம்மாளும் வந்து நீதிமன்றத்தில் விளக்கினார். ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை என்றாகி, அவரை விட்டார்கள். அதற்குள் மூன்று மாதமாகியிருந்தது. அவர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மூத்த மகள் படிப்பை நிறுத்தியிருந்தாள்.

நீதிமன்றப் படிக்கட்டில் அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"நான் பொய்யின்னு சொன்னேன்."

ஓட்டுநர் அவளை உற்றுப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள இருந்தப்போ ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா," என்றார். "நிஜமாவே அடிச்சேனா, இல்ல அடிச்சதா நினைச்சுக்கிட்டேனான்னு. இன்னைக்கு வரைக்கும் முழுசா போகல." செருப்பைச் சரிசெய்துகொண்டு, வெயிலில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அண்ணி வீட்டைக் காலி செய்துகொண்டு தன் தம்பி இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். டெமோ அக்கா போன் செய்தால் பையன் எடுக்கிறான். "அம்மா இல்ல அத்தை" என்கிறான். பின்னால் அண்ணியின் பாத்திரச் சத்தம் கேட்கிறது. அப்பாவைப் பற்றி அவன் எதுவும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. போனை எப்போதும் அவன்தான் முதலில் வைக்கிறான்.